தேயிலை விலை ஏறினால் விற்பனை எவ்வளவு குறையும்? பயிற்சித்தாளில் வரும் நெகிழ்ச்சிக் கணக்கு

ஆறாம் படிவத்தில் பொருளியல் எடுத்த மாணவர்கள் தவறாமல் சந்திக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு பொருளின் பழைய விலை, புதிய விலை, பழைய விற்பனை, புதிய விற்பனை என்று நான்கு எண்கள் தரப்பட்டிருக்கும். விலைத் தேவை நெகிழ்ச்சியைக் கணக்கிடுக, தேவை நெகிழ்ச்சியுள்ளதா நெகிழ்ச்சியற்றதா என்று கூறுக என்பது கேள்வி. இன்று இந்தப் பயிற்சித்தாள் பெரும்பாலும் கைப்பேசியில் படம் பிடிக்கப்பட்டு, வகுப்பின் புலனக் குழுவில் வந்து சேர்கிறது. ஓரம் வெட்டுப்பட்ட படமாகவோ, நிழல் விழுந்த படமாகவோ அது இருப்பதும் வழக்கம்தான்.

கணக்கு கடினமானது அல்ல. இரண்டு விழுக்காடுகளைக் கண்டுபிடித்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விடை வந்துவிடும். ஆனாலும் பல மாணவர்கள் வகுத்தலைச் சரியாகச் செய்துவிட்டு, கடைசி வரியில் "நெகிழ்ச்சியுள்ளது", "நெகிழ்ச்சியற்றது" என்று எழுதும் இடத்தில் தடுமாறுகிறார்கள். அந்த எண் என்ன சொல்கிறது என்பது மனத்தில் பதியாததே காரணம். கேமரன்மலை வட்டாரத்தில் அதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலைச்சரிவில் பறிக்கப்படும் கொழுந்து, தூளாகிக் கடைக்கு வந்த பிறகு என்ன விலைக்கு விற்றால் வருமானம் கூடும், எந்த விலையில் குறையும் என்பதுதான் இந்தக் கணக்கின் முழு விஷயமும்.

சொல்லின் பொருள்

ரப்பர் துண்டை ஒரே அளவு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். மெல்லிய துண்டு நன்றாக நீளும், தடித்த துண்டு கொஞ்சம்தான் அசையும். இங்கே இழுக்கும் பலம் விலை மாற்றம், நீளும் அளவு வாங்குபவர்கள் காட்டும் மாற்றம். விலை சற்று மாறினாலே விற்பனை பெரிதாக மாறினால் அது நெகிழ்ச்சியுள்ள தேவை. விலை நன்றாக மாறியும் விற்பனை சிறிதளவே அசைந்தால் அது நெகிழ்ச்சியற்ற தேவை. மலாய்ப் பாடநூல்களில் இவை முறையே அஞ்சால், தாக் அஞ்சால் என்று வரும்.

நெகிழ்ச்சியற்றது என்றால் விற்பனை அசையவே அசையாது என்று பொருளல்ல. விலை மாறிய விகிதத்தைவிட விற்பனை மாறிய விகிதம் குறைவு என்று மட்டுமே பொருள். இந்தக் கருத்தைப் பொருளியலில் நிலைநிறுத்தியவர் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல். 1890ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பொருளியல் கோட்பாடுகள் நூல் வழியாக இது வகுப்பறைகளுக்கு வந்தது.

கணக்கிடும் முறை ஒரே வரியில் அடங்கும்:

நெகிழ்ச்சி = விற்பனை மாறிய விழுக்காடு ÷ விலை மாறிய விழுக்காடு

விழுக்காட்டில் கணக்கிடுவதற்குக் காரணம் இருக்கிறது. தேயிலையைப் பொட்டலத்தில் எண்ணலாம், கிலோவில் நிறுக்கலாம். விலையை ரிங்கிட்டில் சொல்லலாம், சென்னில் சொல்லலாம். வெறும் வித்தியாசத்தை எடுத்தால், அளவை மாற்றும்போதெல்லாம் விடையும் மாறிக்கொண்டே இருக்கும். விழுக்காடாக்கிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. தேயிலையையும் பெட்ரோலையும்கூட ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பயிற்சித்தாளில் இரண்டு வரிகள்

இத்தகைய தாள்களில் வரும் கணக்குகளைப் போன்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.

முதல் வரி: ஒரு பட்டணத்தில் உள்ள எல்லாக் கடைகளிலும் தேயிலைத் தூள் பொட்டலத்தின் விலை 10 ரிங்கிட்டிலிருந்து 12 ரிங்கிட்டுக்கு ஏறுகிறது. வாரத்தில் 500 பொட்டலமாக இருந்த மொத்த விற்பனை 460 ஆகிறது.

விலை 2 ரிங்கிட் கூடியிருக்கிறது. பழைய விலை 10 ரிங்கிட். ஆகவே விலை மாற்றம் 20 விழுக்காடு. விற்பனை 40 பொட்டலம் குறைந்திருக்கிறது. பழைய விற்பனை 500. ஆகவே விற்பனை மாற்றம் கழித்தல் 8 விழுக்காடு. கழித்தல் 8ஐ 20ஆல் வகுத்தால் −0.4.

இரண்டாவது வரி: பட்டணத்தில் ஒரு கடை மட்டும், ஒரே ஒரு வகைத் தேயிலையின் விலையை 10 ரிங்கிட்டிலிருந்து 12 ரிங்கிட்டுக்கு ஏற்றுகிறது. மற்ற கடைகளில் பழைய விலைதான். அந்தக் கடையில் 500ஆக இருந்த விற்பனை 350 ஆகிறது.

விலை மாற்றம் முன்போலவே 20 விழுக்காடு. விற்பனையில் 150 குறைவு, அதாவது கழித்தல் 30 விழுக்காடு. கழித்தல் 30ஐ 20ஆல் வகுத்தால் −1.5.

தடுமாற்றம் தொடங்குவது இந்த இடத்தில்தான். கணிதப் பாடத்தின்படி −1.5 என்பது −0.4ஐவிடச் சிறிய எண், 1ஐவிடவும் சிறியது. அதனால் இரண்டாவது வரியை "ஒன்றுக்கும் குறைவு, ஆகவே நெகிழ்ச்சியற்றது" என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. கழித்தல் குறி இங்கே சிறியது பெரியது காட்டுவதற்காக வரவில்லை. விலை ஒரு பக்கம் போனால் விற்பனை மறுபக்கம் போகிறது என்ற திசையைத்தான் அது காட்டுகிறது. திசையைப் பார்த்துக்கொண்டபின், அளவை ஒப்பிடக் குறியை நீக்கிவிட வேண்டும். 0.4 ஒன்றுக்குக் குறைவு, ஆகவே முதல் வரியில் தேவை நெகிழ்ச்சியற்றது. 1.5 ஒன்றுக்கு மேல், ஆகவே இரண்டாவது வரியில் தேவை நெகிழ்ச்சியுள்ளது. சரியாக 1 வந்தால் ஓரலகு நெகிழ்ச்சி.

இன்னொரு வழுக்கல், தலைகீழாக வகுப்பது. முதல் வரியில் 20ஐ 8ஆல் வகுத்தால் 2.5 வரும். நெகிழ்ச்சியற்ற தேவை, நெகிழ்ச்சியுள்ளதாக மாறிவிடும். எது மேலே, எது கீழே என்று மறந்துபோனால் ரப்பர் துண்டை நினைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நீண்டது என்பது மேலே, எவ்வளவு இழுத்தோம் என்பது கீழே.

கல்லாப்பெட்டி சொல்லும் விடை

வந்த விடை சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. விலையை விற்பனையால் பெருக்கி மொத்த வருமானத்தைப் பார்ப்பதுதான் அது.

முதல் வரியில் விலை ஏறும் முன் 10 × 500 = 5,000 ரிங்கிட். ஏறிய பின் 12 × 460 = 5,520 ரிங்கிட். விலை ஏறியது, வருமானமும் ஏறியது. இது நெகிழ்ச்சியற்ற தேவையின் அடையாளம். ஓடிப்போன வாடிக்கையாளர்களால் வந்த இழப்பைவிட, தங்கிவிட்டவர்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் அதிகம்.

இரண்டாவது வரியில் 5,000 ரிங்கிட்டாக இருந்தது 12 × 350 = 4,200 ரிங்கிட் ஆகிறது. விலை ஏறியது, வருமானம் இறங்கியது. இது நெகிழ்ச்சியுள்ள தேவை. பொட்டலத்துக்கு 2 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தும் கடைக்காரருக்கு 800 ரிங்கிட் குறைந்துவிட்டது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை தேவை. வருமானம் என்பது கல்லாப்பெட்டியில் விழுந்த பணம், இலாபம் அல்ல. 150 பொட்டலம் குறைவாக விற்ற கடைக்காரர், அந்த 150 பொட்டலத்தைக் கொள்முதல் செய்யும் செலவையும் மிச்சம் பிடித்திருப்பார். ஆகவே வருமானம் குறைந்ததை மட்டும் வைத்து அவர் நட்டப்பட்டார் என்று எழுதிவிட முடியாது. கேள்வி வருமானத்தைப் பற்றியதா இலாபத்தைப் பற்றியதா என்று பார்த்துத்தான் விடை எழுத வேண்டும்.

ஒரே இரு விலை, மூன்று விடைகள்

பயிற்சித்தாளில் சில சமயம் மூன்றாவது வகைக் கணக்கு ஒன்று வரும். விலை 10 ரிங்கிட்டிலிருந்து 12 ரிங்கிட் 50 சென்னுக்கு ஏறுகிறது, விற்பனை 500லிருந்து 400க்கு இறங்குகிறது. விலை மாற்றம் 25 விழுக்காடு, விற்பனை மாற்றம் கழித்தல் 20 விழுக்காடு. விடை 0.8, நெகிழ்ச்சியற்றது.

அடுத்த மாதம் அதே கடைக்காரர் விலையைப் பழையபடி 10 ரிங்கிட்டுக்கு இறக்குகிறார், விற்பனையும் 400லிருந்து 500க்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தொடக்க விலை 12.50. விலை மாற்றம் கழித்தல் 20 விழுக்காடு. தொடக்க விற்பனை 400. விற்பனை மாற்றம் 25 விழுக்காடு. விடை 1.25, நெகிழ்ச்சியுள்ளது!

அதே கடை, அதே வாடிக்கையாளர்கள், அதே இரண்டு விலைகள். ஏறும்போது நெகிழ்ச்சியற்ற தேவை, இறங்கும்போது எப்படி நெகிழ்ச்சியுள்ளதாக முடியும்? குறை வாடிக்கையாளர்களிடம் இல்லை, வகுக்கும் அடித்தளத்தில் இருக்கிறது. ஏறும்போது 10ஆல் வகுத்தோம், இறங்கும்போது 12.50ஆல் வகுத்தோம்.

இதைத் தீர்க்க வந்ததுதான் நடுப்புள்ளி முறை. பழைய எண்ணாலோ புதிய எண்ணாலோ வகுக்காமல், இரண்டின் சராசரியால் வகுப்பது. விலைகளின் சராசரி 11.25. 2.50ஐ அதனால் வகுத்தால் 22.2 விழுக்காடு. விற்பனைகளின் சராசரி 450. 100ஐ அதனால் வகுத்தால் அதுவும் 22.2 விழுக்காடு. விடை சரியாக 1. ஏறினாலும் இறங்கினாலும் அதே விடைதான். கல்லாப்பெட்டியும் இதை உறுதி செய்கிறது: 10 × 500 = 5,000, 12.50 × 400 = 5,000. வருமானம் ஒரு சென்கூட மாறவில்லை. ஓரலகு நெகிழ்ச்சிக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

எந்த முறையைப் பயன்படுத்துவது என்பதைக் கேள்வியே பெரும்பாலும் சொல்லிவிடும். எதுவும் சொல்லாதபோது, வகுப்பில் கற்பித்த முறையைப் பயன்படுத்தி, எந்த எண்ணால் வகுத்தோம் என்பது தெரியும்படி படிகளை எழுதுவது நல்லது. விடை 0.4, 1.5 என்று ஒன்றிலிருந்து தள்ளி இருந்தால் இரண்டு முறைகளும் பெரும்பாலும் ஒரே முடிவைத்தான் தரும். விடை ஒன்றை ஒட்டி வரும்போதுதான் கவனம் தேவை. எளிய முறை சொல்லும் முடிவும் கல்லாப்பெட்டி சொல்லும் முடிவும் அங்கே மோதலாம்.

படத்தில் மங்கிய எண்

படம் பிடித்து வந்த தாளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதல் வரியில் இருந்த 460, மங்கிய படத்தில் 400 போலத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை மாற்றம் கழித்தல் 20 விழுக்காடு ஆகிவிடும், விடை 1 ஆகிவிடும். வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் முடிவு தவறு. மதிப்பெண் ஒரு இலக்கத்தில் போய்விட்டது.

அட்டவணையில் மொத்த வருமானத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தால் அதுவே கைகொடுக்கும். அங்கே 5,520 என்று இருந்து, விலை 12 என்று தெளிவாகத் தெரிந்தால், 5,520ஐ 12ஆல் வகுத்து 460 என்று மீட்டுவிடலாம். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் ஊகித்து எழுதக்கூடாது. படம் அனுப்பியவரிடம் அந்த ஒரு வரியை மட்டும் நெருக்கமாக மீண்டும் எடுத்து அனுப்பச் சொல்வதே வழி.

தசமப் புள்ளியும் இப்படித்தான் காணாமல் போகும். 1.20 ரிங்கிட் 120 ஆகத் தெரிந்து, பக்கத்தில் பழைய விலை 1.00 என்று இருந்தால், விலை மாற்றம் 11,900 விழுக்காடு என்று வந்து நிற்கும். தேநீர் விலை அப்படி ஏறாது என்பது யாருக்கும் தெரியும். ஓரம் வெட்டுப்பட்டு அட்டவணையின் தலைப்பு போய்விட்டால், எது விலை, எது விற்பனை என்பதும் குழம்பும். இரண்டு நெடுவரிசைகள் இடம் மாறினால் விடை தலைகீழாகும். 0.4 வரவேண்டிய இடத்தில் 2.5 வரும். ரிங்கிட், கிலோ, பொட்டலம் என்ற அலகுகள் எங்காவது ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கும். கணக்கைத் தொடங்கும் முன் அவற்றைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

தேயிலையின் உண்மையான எண்

பயிற்சித்தாளின் எண்கள் கற்பனை என்றால், உண்மையில் தேயிலைக்கு என்ன எண் வருகிறது? ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை நிறுவனம் தன் உலகத் தேயிலை ஆய்வில், கறுப்புத் தேயிலையின் விலை நெகிழ்ச்சி −0.32க்கும் −0.80க்கும் இடைப்பட்டது என்று குறிப்பிட்டிருக்கிறது. இரண்டு எல்லைகளும் ஒன்றுக்குக் குறைவு. சில்லறை விலை 10 விழுக்காடு ஏறினால், விற்பனை 3.2 முதல் 8 விழுக்காடு வரை குறையும் என்பது இதன் பொருள்.

நம் 500 பொட்டலத்தில் இதை வைத்துப் பார்க்கலாம். விலை 10லிருந்து 11 ரிங்கிட் ஆனால், விற்பனை ஒரு எல்லையில் 484, மறு எல்லையில் 460. வருமானம் முறையே 5,324 ரிங்கிட், 5,060 ரிங்கிட். இரண்டுமே 5,000ஐவிட அதிகம்.

காரணம் நம் வீடுகளிலேயே தெரியும். காலையில் தேநீர் குடித்துப் பழகியவர் விலை ஏறியது என்று அதை விட்டுவிடுவதில்லை. ஒரு பொட்டலம் பல நாள்களுக்கு வருவதால், மாதச் செலவில் அதன் பங்கும் சிறியது. அதிகம் போனால் தூளைச் சற்றுக் குறைத்துப் போடுவார்கள். பழக்கமும், செலவில் சிறு பங்கும் சேர்ந்தால் தேவை நெகிழ்ச்சியற்றதாகவே இருக்கும்.

1933இல் மூன்று நாடுகள் போட்ட கணக்கு

இந்தச் சிறிய எண்ணை வைத்து உலகத் தேயிலை வணிகமே ஒருமுறை திருப்பப்பட்டது. ஜே. ஏ. ரசல் கேமரன்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஆண்டு 1929. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். தேவைக்கு மேல் தேயிலை சந்தையில் குவிந்து, விலை சரிந்தது.

விலை சரிந்தால் நிறைய பேர் நிறைய வாங்குவார்கள், விற்பனை ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க முடியவில்லை. தேவை நெகிழ்ச்சியற்றதாக இருக்கும்போது விலை இறங்கினால் வருமானமும் சேர்ந்து இறங்கும். ஆகவே இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவை 1933இல் அனைத்துலகத் தேயிலை ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. 1929 முதல் 1931 வரையிலான ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் செய்த அதிகபட்ச ஏற்றுமதி அடிப்படையாக எடுக்கப்பட்டது. முதல் ஆண்டில் அதில் 85 விழுக்காடு மட்டுமே ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைக்கப்பட்டது. அதன்பின் விலை மீண்டது.

குறைவாக விற்று எப்படி அதிகம் சம்பாதிக்க முடியும்? பயிற்சிக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ, கிலோவுக்கு 10 ரிங்கிட், மொத்தம் 1,000. நெகிழ்ச்சி 0.5 என்றால், விற்பனையை 15 விழுக்காடு குறைக்க விலை 30 விழுக்காடு ஏற வேண்டும், ஏனெனில் 15ஐ 30ஆல் வகுத்தால் 0.5. அதாவது 85 கிலோ மட்டும் சந்தைக்கு வந்தால், விலை 13 ரிங்கிட்டுக்கு ஏறும். 85 × 13 = 1,105. வருமானம் கூடிவிட்டது. இதே பொருளின் நெகிழ்ச்சி 1.5 ஆக இருந்திருந்தால், விலை 10 விழுக்காடுதான் ஏறியிருக்கும். 85 × 11 = 935. வருமானம் குறைந்திருக்கும், ஒப்பந்தமும் பயனற்றதாகியிருக்கும்.

இந்தக் கணக்கில் தோட்டப் பாட்டாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1,105 என்பது தூளை விற்றவருக்கு வந்த வருமானம். சந்தைக்கு வரும் அளவு 100லிருந்து 85 ஆகும்போது, பறிக்க வேண்டிய கொழுந்தும் அந்த அளவுக்குக் குறைகிறது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு விலை உயர்வு தானாக வந்து சேராது, ஆனால் கொழுந்து குறைந்தது உடனே வந்து சேரும். நெகிழ்ச்சி எண் மொத்த வருமானம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும். அது யார் கைக்குப் போகும் என்று சொல்லாது.

தேயிலைக்கு ஓர் எண், ஒரு பெயருக்கு வேறு எண்

தேயிலையின் தேவை நெகிழ்ச்சியற்றது என்றால், கேமரன்மலைத் தோட்டம் ஒன்று தன் விலையை விருப்பப்படி ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். பயிற்சித்தாளின் இரண்டாவது வரி அதற்குப் பதில் சொல்கிறது. எல்லாத் தேயிலையும் விலை ஏறும்போது வாங்குபவருக்குத் தப்பிக்க வழி குறைவு. ஒரு பெயர் மட்டும் விலை ஏறினால், அதே அடுக்கில் பக்கத்துப் பொட்டலம் காத்திருக்கிறது. மலேசியர்கள் குடிக்கும் தேயிலையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாவது. ஆகவே உள்நாட்டுத் தோட்டத்தின் பொட்டலத்துக்கு மாற்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாற்று எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதோ, அவ்வளவு நெகிழ்ச்சி கூடும்.

அதே பொட்டலம் எங்கே விற்கப்படுகிறது என்பதும் எண்ணை மாற்றும். தோட்டத்தின் சொந்தக் கடையில், மலையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்க வந்த சுற்றுப்பயணி, ஊருக்கு எடுத்துப்போக வாங்கும் பொட்டலத்தில் 2 ரிங்கிட்டைப் பெரிதாக நினைக்கமாட்டார். அதே பொட்டலத்தை மாதாமாதம் பட்டணத்துப் பேரங்காடியில் வாங்கும் குடும்பம், விலையைப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடும். பயிற்சித்தாளில் "தேயிலை" என்று மட்டும் எழுதியிருக்கிறதா, ஒரு பெயரா, ஒரு கடையா என்று பார்ப்பது இதனால்தான். காரணம் கூறுக என்று அடுத்த கேள்வி வந்தால், விடை அந்தச் சொல்லில் இருக்கிறது.

காலமும் ஒரு காரணி. விலை ஏறிய வாரத்தில் பழக்கப்பட்ட பொட்டலத்தையே வாங்கியவர், இரண்டு மூன்று மாதத்தில் வேறொன்றைச் சுவைத்துப் பார்த்துப் பழகிக்கொள்வார். ஒரு வார விற்பனையை வைத்து "நெகிழ்ச்சியற்றது" என்று முடிவு செய்த கடைக்காரர், ஆண்டு இறுதியில் வேறொரு எண்ணைப் பார்க்க நேரலாம்.

கணக்கு பொய் சொல்லும் இடம்

இறுதியாக, கழித்தல் குறியை அவசரமாக நீக்கிவிடக் கூடாது என்பதற்கு கேமரன்மலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சந்தைகளும் உணவகங்களும் முடங்கின. கேமரன்மலை விவசாயிகள் விற்க முடியாத காய்கறிகளைக் கொட்டிய செய்திகள் அப்போது வெளிவந்தன.

அத்தகைய நிலையைப் பயிற்சித்தாள் எண்களாக மாற்றிப் பார்ப்போம். முட்டைக்கோஸ் விலை கிலோ 2 ரிங்கிட்டிலிருந்து 1 ரிங்கிட்டுக்கு இறங்குகிறது. விற்பனை 1,000 கிலோவிலிருந்து 400 கிலோவாகக் குறைகிறது. விலை மாற்றம் கழித்தல் 50 விழுக்காடு, விற்பனை மாற்றம் கழித்தல் 60 விழுக்காடு. வகுத்தால் 1.2 வரும். குறியைக் கவனிக்காத மாணவர் "ஒன்றுக்கு மேல், நெகிழ்ச்சியுள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஆனால் இது கூட்டல் 1.2. விலை இறங்கியும் விற்பனை குறைந்திருக்கிறது. விலை மலிந்ததால் மக்கள் கோஸ் வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்கும் இடமே மூடிக்கிடந்தது. விலையைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்றால்தான் நெகிழ்ச்சிக் கணக்கு செல்லும். வருமானம், பருவம், விழாக்காலம், போக்குவரத்து இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்து மாறினால், வரும் எண் விலையின் விளைவைக் காட்டாது. கூட்டல் குறி அதை நேரடியாக அறிவிக்கும் மணி. கழித்தல் குறி வந்தாலும், தீபாவளி வாரத்தையும் சாதாரண வாரத்தையும் ஒப்பிட்ட கணக்கு என்றால் அதை நம்புவதற்கில்லை.

ஆகவே படத்தில் வந்த தாளை எடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது திசை. விலையும் விற்பனையும் எதிரெதிராகப் போகின்றனவா? அடுத்து இரண்டு விழுக்காடுகள், பின்னர் வகுத்தல், கடைசியாகக் கல்லாப்பெட்டிச் சோதனை. முதல் வரிக்கான விடையை இப்படி முடிக்கலாம்: "நெகிழ்ச்சி −0.4. குறியை நீக்கினால் 0.4, ஒன்றுக்குக் குறைவு. ஆகவே தேவை நெகிழ்ச்சியற்றது. விலை 20 விழுக்காடு ஏறியபோது விற்பனை 8 விழுக்காடே குறைந்தது. மொத்த வருமானம் 5,000 ரிங்கிட்டிலிருந்து 5,520 ரிங்கிட்டாக உயர்ந்தது. பட்டணம் முழுவதும் விலை ஏறியதால் வாங்குபவருக்கு மலிவான மாற்று இல்லாமல் போனது." இந்த ஆறு வாக்கியங்களில் எண், முடிவு, பொருள், சோதனை, காரணம் எல்லாம் வந்துவிடுகின்றன.